பில் பாக்கிக்கு மூன்று கடிதங்கள்: எதை முதலில் எழுதுவது, எதைக் கடைசிக்கு வைப்பது?

"திருப்பூரில் எம்பிராய்டரி ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். பன்னிரண்டு ஹெட் மெஷின் இரண்டு இருக்கிறது, ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். உத்யம் பதிவு 2021-லேயே எடுத்துவிட்டேன். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜூன் 3-ஆம் தேதி முடித்துக் கொடுத்த வேலைக்கு, டி.டி.எஸ். போக ரூ.1,84,000 வர வேண்டும். 60 நாள் கிரெடிட் என்று வாயால்தான் பேசினோம். அது ஆகஸ்ட் 2-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. போன் செய்தால் 'அடுத்த வாரம்' என்பார்கள். இப்போது 'அமெரிக்கா வரி போட்டுவிட்டது, பையர் பணம் வரவில்லை' என்கிறார்கள். போன வாரம் புதிதாக, 'முன்னூறு பீஸில் நூல் பிரிந்திருந்தது, டெபிட் நோட் வரும்' என்றார் மெர்ச்சண்டைசர். அவர்களுடைய அடுத்த லாட் வேலை முடிந்து என் யூனிட்டில்தான் இருக்கிறது. அதைப் பிடித்து வைத்துக்கொள் என்கிறான் என் தம்பி. 'போலீசுக்குப் போவேன் என்று ஒரு லெட்டர் போடு, தானாகக் கொடுப்பார்கள்' என்கிறார் தெரிந்தவர் ஒருவர். நான் எழுதி வைத்திருக்கும் லெட்டரையும் இணைத்திருக்கிறேன். அந்தக் கம்பெனி வேலை எனக்கு இனியும் வேண்டும். தீபாவளி போனஸுக்குள் பணமும் வேண்டும். எப்படிக் கேட்பது?"
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் லெட்டரை இரண்டு முறை படித்தேன். முதல் பத்தியில் "முடிந்தால் கொஞ்சம் பார்த்து அனுப்பி வைக்கவும், தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பத்தியில் "இல்லாவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க நேரிடும்" என்று முடிக்கிறீர்கள். செய்த வேலைக்குக் கூலி கேட்பவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கடன் பாக்கிக்குப் போலீசை இழுக்கவும் கூடாது. அதைவிட முக்கியமாக, தேதி, பில் எண், தொகை, எதற்குள் வேண்டும் என்ற நான்கும் அந்த லெட்டரில் எங்குமே இல்லை. அவை இல்லாத கடிதத்தை அக்கவுண்ட்ஸ் பிரிவில் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள்.

போலீஸ் பேச்சை இங்கேயே முடித்துவிடுகிறேன். தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு வேலை வாங்கியிருந்தால்தான் அது மோசடிக் குற்றம். உங்களோடு தொடர்ந்து வேலை செய்துவரும் கம்பெனி ஒரு பில்லைத் தாமதிப்பது உரிமையியல் வழக்குக்குரிய கொடுக்கல் வாங்கல். செய்யப்போகாத ஒன்றை எழுதினால் அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் எல்லாமே வெற்று மிரட்டலாகத் தெரியும். நாளைக்கு இந்த விவகாரத்தை விசாரிக்கும் அதிகாரியும் அதே கடிதத்தைப் படிப்பார் என்பதை மறக்காதீர்கள். இந்த மூன்று கடிதங்களும் கம்பெனியின் பெயருக்குப் போனாலும், கடைசியில் படித்துத் தீர்ப்புச் சொல்பவர் மூன்றாம் நபர். அவர் கண்ணில் நீங்கள் நிதானமானவராகவும், கணக்குத் தெரிந்தவராகவும் தெரிய வேண்டும். நான் மரியாதையை வலியுறுத்துவதற்குப் பாதிக் காரணம் உறவு, மீதிக் காரணம் இதுதான்.

60 நாள் என்பது எங்கே நிற்கிறது?

உங்கள் கடிதத்தில் நான் திருத்த வேண்டிய பெரிய எண்ணம் இது. ஆகஸ்ட் 2 வரை பணம் கேட்க உங்களுக்கு உரிமையே இல்லை என்று நினைத்திருக்கிறீர்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், பிரிவு 15 வேறு மாதிரி சொல்கிறது. தவணை எழுத்தில் இருந்தால் அந்தத் தேதி, ஆனால் எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால், பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாள்தான். ஜூன் 3-ல் ஒப்படைத்தீர்கள். 15 நாள் ஜூன் 18-ல் முடிகிறது. 19-ஆம் தேதியிலிருந்து வட்டி ஓடுகிறது.

அந்த வட்டியும் சாதாரண வட்டி இல்லை. பிரிவு 16-ன்படி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் அசலோடு சேரும் கூட்டு வட்டி. 2025 ஜூனில் வங்கி விகிதம் 5.75 சதவீதமாக இருந்தது, அந்தக் கணக்கில் உங்களுக்கு ஆண்டுக்கு 17.25 சதவீதம். முதல் மாதம் ரூ.2,645. அதை அசலில் சேர்த்தால் இரண்டாம் மாதம் ரூ.2,683. மூன்றாம் மாதம் ரூ.2,722. செப்டம்பர் 19-ஆம் தேதிக்குக் கணக்குப் போட்டால் மொத்த வட்டி சுமார் ரூ.8,050 வருகிறது.

இதை வைத்து உங்கள் லெட்டரில் ஒரு வரியை அடித்திருக்கிறேன்: "நாம் பேசியபடி 60 நாள் தவணை முடிந்துவிட்டது." வாய்ப்பேச்சாக இருந்ததை நீங்களே எழுத்தில் கொடுத்துவிட்டால், தவணைக்கு எழுத்து ஆதாரம் இருக்கிறது என்று அவர்கள் வாதாட இடம் கிடைக்கும். பொய் சொல்லச் சொல்லவில்லை. யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கடிதத்துக்கு அந்த வரி தேவையில்லை, அவ்வளவுதான். ஆனால் வாக்குக் கொடுத்த 60 நாளும் பொறுத்திருந்து, அதன் பிறகே எழுதத் தொடங்குகிறீர்களே, அது நல்லது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக ஜூன் 19-ல் கடிதம் போட்டிருந்தால் அந்தக் கம்பெனியோடு உறவு அன்றோடு போயிருக்கும்.

எழுத உட்காரும் முன் மூன்று சோதனை

முதலில் உங்கள் ஆடிட்டரிடம் சொல்லி வருமான வரியின் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பாருங்கள். ஜூன் மாத பில்லுக்கு அந்தக் கம்பெனி டி.டி.எஸ். பிடித்துக் கட்டியிருந்தால் இந்நேரம் அதில் ஏறியிருக்கும். ஏறியிருந்தால், பில்லைத் தங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. "பில்லே வந்து சேரவில்லை" என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து டெலிவரி சலானை, அதாவது டி.சி.யை எடுங்கள். பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் தேதியும் படிக்கும்படி இருக்கிறதா?

மூன்றாவது, உங்கள் வாட்ஸ்அப். நூல் பிரிந்த விஷயம் இதில்தான் முடிவாகும். ஒப்படைத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் குறை சொல்லவில்லையென்றால், ஒப்படைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஜூன் 18-க்குள் மெர்ச்சண்டைசர் ஒரு போட்டோவும் "இது என்னங்க, நூல் பிரியுது" என்ற வரியும் அனுப்பியிருக்கிறாரா என்று தேடுங்கள். அனுப்பியிருந்தால் அதுவும் எழுத்து மூலமான குறைதான் என்று அவர்கள் சொல்வார்கள், அப்போது கணக்கே மாறும். அந்த நிலையில் குறை சொன்ன முன்னூறு பீஸுக்கான கூலியைத் தனியே ஒதுக்கிவிட்டு, சண்டையில்லாத தொகையை மட்டும் முதலில் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், ஆகஸ்ட் கடைசியில் வாயால் சொன்ன குறை உங்கள் பில்லை அசைக்காது.

முதல் கடிதம்: பதில் வாங்குவதற்கு

செப்டம்பர் 1, திங்கட்கிழமை அனுப்புங்கள். அக்கவுண்ட்ஸ் மேலாளருக்கு மின்னஞ்சல், மெர்ச்சண்டைசருக்கு நகல். தமிழில் எழுதினால் செல்லுமா என்று தயங்க வேண்டாம், செல்லும்.

"வணக்கம். பில் எண் —, நாள் 3.6.2025, வர வேண்டியது ரூ.1,84,000. இந்த வேலை 3.6.2025 அன்று டி.சி. எண் — மூலம் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தொகை இன்னும் எங்கள் கணக்கில் வரவில்லை. பில், கையெழுத்திட்ட டி.சி., வங்கி விவரம் மூன்றையும் இணைத்துள்ளேன். எந்தத் தேதியில் பணம் வரும் என்பதை செப்டம்பர் 8-க்குள் எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் பரிமாற்ற எண்ணைக் கொடுங்கள், சரிபார்த்துக்கொள்கிறேன். நன்றி."

இதில் சட்டம், வட்டி என்று ஒரு சொல்கூட இல்லை. வேண்டாம். அடுத்தவர் மறந்திருக்கலாம் என்ற நல்லெண்ணத்திலேயே முதல் கடிதம் நிற்க வேண்டும். ஆனால் "எழுதித் தெரிவிக்க" என்ற இரண்டு சொல்லுக்கு ஒரு வேலை இருக்கிறது. பலரும் நினைப்பது போல, நாம் ஞாபகக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தால் வழக்குக்கான காலக்கெடு நீண்டுகொண்டே போகாது. பணம் வர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு, அது நம் கடிதத்தால் ஒரு நாளும் கூடாது. கடன்பட்டவர் தம் பாக்கியைக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டாலோ, அதில் ஒரு பகுதியைச் செலுத்தினாலோதான் அந்த மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். மின்னஞ்சலில் வரும் ஒப்புதலையும் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. "செப்டம்பர் 25-க்குள் தருகிறோம்" என்று அவர்கள் ஒரு வரி எழுதிவிட்டால், பாக்கி உண்டு என்பதில் பிறகு தகராறே வராது. உங்கள் மூன்று கடிதங்களை விட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

அவர்கள் எழுதாமல் போனில் கூப்பிட்டுச் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. பேசி முடித்த கையோடு நீங்களே எழுதிவிடுங்கள்: "இன்று காலை பேசியபடி 25-ஆம் தேதி தருவதாகச் சொன்னதற்கு நன்றி." இது அவர்கள் கையெழுத்து ஆகாது. ஆனாலும் மறுக்காமல் விட்டார்கள் என்பது பதிவாகிவிடும்.

இரண்டாம் கடிதம்: ஆள் மாறுகிறது

8-ஆம் தேதி தாண்டியும் பதில் இல்லையென்றால் ஒரு நாள் விட்டு, செப்டம்பர் 10 அன்று எழுதுங்கள். இந்த முறை முதலாளிக்கோ இயக்குநருக்கோ அனுப்புங்கள், அக்கவுண்ட்ஸுக்கு நகல். குரலை உயர்த்துவதற்குப் பதிலாக, படிப்பவரை உயர்த்துகிறோம். பில் பாக்கி இருப்பதே மேலே தெரியாமல் இருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"வணக்கம். செப்டம்பர் 1-ஆம் தேதி உங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வராததால் உங்கள் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன். ரூ.1,84,000 இன்னும் நிலுவையில் உள்ளது. எங்கள் யூனிட் உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தத் தொகைக்கான கெடு முடிந்துவிட்டது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் தொகை செலுத்தப்படாவிட்டால் உங்கள் ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவைத் திருப்ப வேண்டிவரும் என்பதையும் நினைவூட்டுகிறேன். அந்த நாள் நவம்பர் 30. சில பீஸ்களில் குறை இருந்ததாக வாய்மொழியாகச் சொன்னார்கள். ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் எந்தக் குறையும் எங்களுக்கு வரவில்லை. ஆயினும் பீஸ்களைக் காட்டினால் நேரில் வந்து பார்க்கத் தயாராக இருக்கிறேன். இந்தத் தொகையைச் செப்டம்பர் 20-க்குள் செலுத்த வேண்டுகிறேன். ஒரே தவணையில் சிரமமென்றால், பாதியை 20-ஆம் தேதியும் மீதியை 30-ஆம் தேதியும் தருவதாக எழுதித் தாருங்கள், ஏற்றுக்கொள்கிறேன்."

ஜி.எஸ்.டி. பற்றிய வாக்கியத்தைக் கவனியுங்கள். மிரட்டல் இல்லை, அவர்களுக்கு வரப்போகும் நஷ்டத்தை முன்கூட்டிச் சொல்வது மட்டும்தான். முதலாளி அதைப் படித்ததும் ஆடிட்டரைக் கூப்பிட்டுக் கேட்பார். ஆடிட்டர் ஆமாம் என்பார். உங்கள் வாயிலிருந்து வரும் பத்து வார்த்தையை விட அவருடைய ஆடிட்டரின் ஒரு வார்த்தைக்கு அங்கே வேலை நடக்கும்.

தவணை கொடுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதில் திருப்பூரில் பல கம்பெனிகளுக்கு உண்மையாகவே கை இறுகியிருக்கிறது. அதைப் பொய் என்று எழுதினால் உங்கள் கடிதம்தான் கசக்கும். அதே சமயம் பையர் பணம் தந்தால்தான் ஜாப் ஒர்க் கூலி என்று உங்களோடு யாரும் பேசவில்லை. அவர்களுக்கு எப்போது வந்தாலும் உங்கள் கெடு மாறாது. சிரமத்தை ஏற்றுக்கொண்டு தேதியை மட்டும் கேளுங்கள்.

பாதிப் பணம் வந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை. "கணக்கு முழுவதும் தீர்ந்தது" என்று அச்சடித்த வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். "பகுதித் தொகை பெற்றேன், மீதி ரூ.—" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

மூன்றாம் கடிதம்: கணக்கும் தேதியும்

செப்டம்பர் 22, திங்கட்கிழமை. மின்னஞ்சலோடு, சேர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கும்படி தபாலிலும் அனுப்புங்கள். முந்தைய இரண்டு கடிதங்களின் நகலை இணையுங்கள்.

"வணக்கம். செப்டம்பர் 1, 10 ஆகிய நாள்களில் எழுதிய கடிதங்களின் தொடர்ச்சியாக இதை எழுதுகிறேன். அசல் ரூ.1,84,000. சட்டத்தின் பிரிவு 16-ன்படி 19.6.2025 முதல் 19.9.2025 வரை வட்டி ரூ.8,050. கணக்குத் தாள் இணைப்பில் உள்ளது. அக்டோபர் 6-ஆம் தேதிக்குள் அசல் முழுவதும் வந்து சேர்ந்தால், நம் வியாபார உறவை மதித்து வட்டியைக் கேட்க மாட்டேன். வராவிட்டால் அக்டோபர் 7-ஆம் தேதி, அசலும் வட்டியும் கோரி குறு, சிறு தொழில் வசதிக் கவுன்சிலில் மனு கொடுப்பேன். அதற்கு முன் நேரில் பேச விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் வருகிறேன்."

அக்டோபர் 6 என்று வைத்ததற்குக் காரணம், 1-ஆம் தேதி ஆயுத பூஜை, 2-ஆம் தேதி விஜயதசமி. விடுமுறை நாளில் கெடு வைத்தால் "வங்கி இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும். வட்டியை விட்டுக்கொடுக்க மனமில்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். உங்கள் நிலையில் நான் விட்டுக்கொடுப்பேன். எட்டாயிரத்தை விட, அவர் கௌரவமாகப் பின்வாங்க ஒரு வழி இருப்பது உங்களுக்கு அதிக லாபம். ஆனால் 7-ஆம் தேதி மனுக் கொடுப்பேன் என்று எழுதினால் 7-ஆம் தேதி கொடுத்தே ஆக வேண்டும். மனமில்லையென்றால் மூன்றாம் கடிதமே வேண்டாம், இரண்டோடு நிறுத்திப் பேசிப் பாருங்கள்.

கவுன்சிலுக்கான மனுவை மத்திய அரசின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். உத்யம் எண், பில், டி.சி., இந்த மூன்று கடிதங்கள் போதும். முதலில் இருவரையும் கூப்பிட்டுச் சமரசம் பேசுவார்கள். ஒத்துவரவில்லையென்றால் நடுவர் விசாரணை. தீர்ப்பை எதிர்த்துக் கம்பெனி நீதிமன்றம் போவதானால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும். இந்த வழியில் அக்டோபர் 20 தீபாவளிக்குள் பணம் வராது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். போனஸுக்கு உங்கள் நம்பிக்கை இரண்டாம் கடிதமும் அந்தப் பாதித் தவணையும்தான். முழுதாக இதை நம்பியிராமல், மற்ற பார்ட்டிகளின் பாக்கியையும் இப்போதே கேட்கத் தொடங்குங்கள்.

யூனிட்டில் இருக்கும் லாட்

தம்பி சொன்னதில் பாதி உண்மை உண்டு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170-ன்படி, ஒரு பொருளின் மேல் உழைப்பைச் செலவிட்டவர், அந்த உழைப்புக்கான கூலி வரும்வரை அந்தப் பொருளைக் கையில் வைத்திருக்கலாம். தையல்காரர் சட்டைக்குக் கூலி வாங்கிக்கொண்டு சட்டையைக் கொடுப்பது போல. ஆனால் போன மாதச் சட்டையின் கூலிக்காக இந்த மாதச் சட்டையை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமையில்லை. பழைய பாக்கிக்கெல்லாம் சேர்த்துப் பிடித்துவைக்கும் உரிமை, தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால், வங்கிகளைப் போன்ற வெகு சிலருக்குத்தான். ஜூன் பில்லுக்காக இந்த லாட்டை நீங்கள் பிடிக்க முடியாது. இந்த லாட்டின் கூலிக்கும் கிரெடிட் பேசியிருந்தால் அதற்காகவும் பிடிக்க முடியாது. மீறிப் பிடித்து ஷிப்மெண்ட் தவறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். விமானத்தில் அனுப்பிய செலவு என்று ஒரு ஏர் ஃபிரைட் டெபிட் நோட் வரும், அது உங்கள் பாக்கியை விடப் பெரிதாக இருக்கும். இன்று உங்கள் பக்கம் முழுதாக இருக்கும் நியாயம் அன்றைக்குப் பாதியாகிவிடும்.

அதனால் லாட்டைத் தேதிப்படி அனுப்பிவிடுங்கள். டி.சி.யில் வாங்குபவரின் பெயர், கையெழுத்து, தேதி மூன்றையும் வாங்குங்கள். பில்லில் உத்யம் எண்ணைப் போட்டு, அதன் கீழே "தொகை 30 நாளுக்குள்" என்று அச்சிட்டு, பில் நகலிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இதற்குப் பிறகு புதிய லாட் வந்தால், துணியை இறக்கும் முன் பாதிக் கூலியை முன்பணமாகக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அதையும் இதே மரியாதையோடு, எழுத்தில் கேளுங்கள்.